கோல் போஸ்ட் எங்கே போனது? மீன்கண் வளைவை நேராக்கும்போது தொலையும் ஓரங்கள்

"மாமா, கோல் போஸ்ட் எங்க?"

அக்கா மகன் கேட்ட பிறகுதான் நானும் கவனித்தேன். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் ஒரு தெருக் காற்பந்துத் திடல் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவனும் நண்பர்களும் அங்கே ஆடியதை, ஆக்‌ஷன் கேமராவை வேலிக் கம்பியில் மாட்டிப் படம் பிடித்திருந்தேன். மூலக் காணொளியில் இரண்டு பக்கக் கோலும் இருந்தன. ஆனால் எதிரே நிற்கும் புளோக் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. பார்க்க நன்றாக இல்லையே என்று எடிட்டிங் மென்பொருளில் லென்ஸ் வளைவைச் சரிசெய்தேன். புளோக் நிமிர்ந்துவிட்டது, வேலியும் நேரானது. இரண்டு கோலையும் காணோம். பந்து படத்தின் ஓரத்தைத் தாண்டி எங்கோ போகிறது, அப்புறம் பையன்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். கோல் விழுந்ததை அதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. வளைவை நேராக்கினால் ஓரம் போகத்தான் செய்யும். எந்த ஓரம், எவ்வளவு, ஏன் என்பதை இந்த ஒரே திடலை வைத்துப் பார்த்துவிடலாம்.

கண்ணாடியில் மார்க்கர் பேனா

வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரிவதைக் கண்ணாடி மேலேயே மார்க்கர் பேனாவால் வரைகிறீர்கள். எதிரே உள்ள புளோக்கின் தாழ்வாரச் சுவர் நேர்கோடு என்றால், கண்ணாடியில் விழும் கோடும் நேர்கோடுதான். சாதாரண லென்ஸ் உருவாக்கும் படம் இந்த வகை.

சிக்கல் பக்கவாட்டில் வருகிறது. நேர் எதிரிலிருந்து 45 டிகிரி தள்ளி இருக்கும் ஒரு மரத்தை வரைய, கண்ணாடியின் நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தள்ளிப் பேனாவை வைக்க வேண்டும். 60 டிகிரியில் இருக்கும் மரத்துக்கு 1.73 மீட்டர். 80 டிகிரி என்றால் 5.67 மீட்டர், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் போய்விடுவோம். சரியாக 90 டிகிரியில் இருப்பதை எவ்வளவு பெரிய கண்ணாடியிலும் வரைய முடியாது, ஏனென்றால் அந்தப் பார்வைக்கோடு கண்ணாடியைத் தொடாமலே இணையாக ஓடுகிறது. கோணம் கொஞ்சம் கூடினால் தேவைப்படும் இடம் பல மடங்கு கூடிவிடுகிறது. நேரான படத்தின் அடிப்படைச் செலவு இதுதான்.

ஆக்‌ஷன் கேமராவில் இருக்கும் அகலப் பார்வை மீன்கண் லென்ஸ் அந்தச் செலவைச் செய்வதில்லை. அது எல்லாக் கோணத்துக்கும் ஏறக்குறைய சமமாக இடம் ஒதுக்குகிறது. நடுவில் பத்து டிகிரிக்கு எவ்வளவு இடமோ, ஓரத்திலும் பத்து டிகிரிக்கு அவ்வளவு இடம். அதனால்தான் கட்டைவிரல் நகம் அளவு சென்சாரில் திடல் முழுவதும் அடங்குகிறது. அதற்குப் பதிலாக, கோடுகள் நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அது கைவிட்டுவிடுகிறது.

சூத்திரமாகச் சொன்னால், நடுவிலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு தள்ளி விழும் என்பதற்கு இரண்டு விதிகள்:

```
மீன்கண் படம்:  r = f × θ
நேரான படம்:   r = f × tan θ
```

θ என்பது ரேடியனில் அளந்த கோணம், f என்பது லென்ஸின் குவியத் தூரம். மீன்கண் லென்ஸ்களில் வேறு சில வகைகளும் உண்டு. எந்த ஆக்‌ஷன் கேமராவும் முதல் விதியை அச்சுப்பிசகாமல் பின்பற்றுவதில்லை. ஆனாலும் நம் கணக்குக்கு அது போதுமான அளவு கிட்ட வருகிறது.

இனி எண்களுக்கு வருவோம். படம் 1920 × 1080 பிக்சல், இடமிருந்து வலம் 120 டிகிரி தெரிகிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஆக்‌ஷன் கேமராக்களின் அகலமான பார்வையில் இது வழக்கமான அளவுதான். நடுவிலிருந்து வலது ஓரம் வரை 960 பிக்சல், 60 டிகிரி. அதாவது ஒரு டிகிரிக்கு 16 பிக்சல். இந்த 16-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மேல் ஓரம் நடுவிலிருந்து 540 பிக்சல், எனவே 33.75 டிகிரி. மூலை 1101 பிக்சல் தூரத்தில், கிட்டத்தட்ட 69 டிகிரியில் இருக்கிறது.

எதிர் புளோக்கின் மேல்மாடித் தாழ்வாரச் சுவர் இந்தப் படத்தில் எப்படி விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவில் அது மையத்துக்கு 418 பிக்சல் மேலே இருக்கிறது என்றால், பக்கவாட்டில் 700 பிக்சல் சொச்சம் தள்ளிப் போகும்போது 334 பிக்சலுக்கு இறங்கிவிடுகிறது. 84 பிக்சல் தொய்வு. வாழைப்பழம் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் படத்தின் மையத்தின் வழியாகவே போகும் கோடு எவ்வளவு அகலமான மீன்கண் லென்ஸிலும் நேராகத்தான் தெரியும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் தொடுவானத்தைப் படத்தின் நட்டநடுவில் வைத்து எடுத்துவிட்டு, என் கேமராவில் வளைவே இல்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவைக் கொஞ்சம் மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள், கடல் கிண்ணம் மாதிரி குழியும். கீழே சாய்த்தால் மலை மாதிரி எழும்.

இழுக்கும்போது என்ன நடக்கிறது

நேராக்குவது என்றால், மீன்கண் விதிப்படி விழுந்த ஒவ்வொரு புள்ளியையும் நேர்ப்பட விதிப்படி விழ வேண்டிய இடத்துக்கு நகர்த்துவது. நகர்த்தல் எப்போதும் வெளிநோக்கித்தான், அதுவும் ஓரத்துக்குப் போகப் போக அதிகமாக. படத்தின் நடுப்பகுதி அளவு மாறாமல் இருக்கட்டும் என்று வைத்தால், 20 டிகிரியில் 320 பிக்சலில் இருந்த புள்ளி 334-க்குப் போகிறது. அது கண்ணுக்கே தெரியாது. 40 டிகிரியில் 640-ல் இருந்தது 769-க்குப் போகிறது. 60 டிகிரியில் 960-ல், அதாவது படத்தின் விளிம்பில் இருந்தது, 1588-க்குப் போய்விடுகிறது. மூலையில் 1101-ல் இருந்தது 2368-க்கு.

பிராட்டா கடையில் மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தடிப்பு அப்படியே இருக்கும், விளிம்புதான் மெலிந்து மெலிந்து மேசைக்கு வெளியே தொங்கும். நம் படமும் அப்படித்தான் ஆகிறது. ஆனால் மேசையின் அளவு மாறவில்லை. படச்சட்டம் இன்னும் 1920 × 1080-தான், நடுவிலிருந்து பக்கத்துக்கு 960 பிக்சல்தான். தொங்குவதை மென்பொருள் வெட்டி எறிந்துவிடுகிறது.

இப்போது கோலைத் தேடுவோம். திடலைக் காலடியால் அளந்தேன். நீளம் சுமார் 30 மீட்டர், அகலம் 16 மீட்டர். கேமரா இருந்த வேலி பக்கக்கோட்டுக்கு 2 மீட்டர் வெளியே. எனவே கேமராவிலிருந்து திடலின் நடுப்புள்ளி 10 மீட்டர், அங்கிருந்து ஒவ்வொரு கோலும் பக்கவாட்டில் 15 மீட்டர். கோணம் 56.3 டிகிரி. மீன்கண் படத்தில் 56.3-ஐ 16-ஆல் பெருக்கினால் 901 பிக்சல். 960-க்குள் இருக்கிறது, கோல் தெரிகிறது. நேராக்கிய படத்தில் அதே கோல் விழ வேண்டிய இடம் 1375 பிக்சல். சட்டத்துக்கு 415 பிக்சல் வெளியே! ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் கிடைத்துவிடும் என்ற தூரமே இல்லை.

வெட்டியபின் மிஞ்சிய படம் பக்கவாட்டில் 92.6 டிகிரியைத்தான் காட்டுகிறது. 120 கொடுத்தோம், 27 போய்விட்டது. மேல்கீழாகப் பார்த்தால் இழப்பு குறைவு, 67.5 டிகிரியில் 61 மிஞ்சுகிறது.

இந்தச் சமமின்மையைத்தான் தொடக்கத்தில் பலர் கவனிப்பதில்லை. மூலப் படத்தின் மேல் ஒரு பேனாவால், எந்தப் பகுதி கடைசியில் மிஞ்சியது என்று கோடு போட்டுப் பாருங்கள். மேல் விளிம்பின் நடுவில் 52 பிக்சல்தான் போயிருக்கும். வலது விளிம்பின் நடுவில் 219 பிக்சல். மூலையிலோ பக்கவாட்டில் 260, உயரத்தில் 146. மிஞ்சியது ஒரு செவ்வகமாக இருக்காது, நான்கு பக்கமும் லேசாக உப்பிய தலையணை மாதிரி இருக்கும். பரப்பளவைக் கணக்கிட்டால் மூலப் பிக்சல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறக்குறைய 36 விழுக்காடு, குப்பைக்குப் போய்விடுகிறது.

ஆகவே முக்கியமான ஒன்று படத்தின் மேல்நடுவில் இருந்தால் கவலைப்பட வேண்டாம். மூலையில் இருந்தால் அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திருமண வீட்டில் மண்டபத்தின் மூலையில் கேமராவை வைத்து, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் வருவார் என்று நம்பினால், நேராக்கிய படத்தில் பாட்டி இருக்கமாட்டார்.

கேமராவிலேயே Linear என்று ஒரு தேர்வு இருக்குமே, அது என்ன செய்கிறது? இதே வேலையைத்தான், பதிவாகும்போதே செய்கிறது. கோப்ரோவில் இது 2016-ல் வந்த HERO5 Black-லிருந்து இருக்கிறது. அந்தத் தலைமுறைக் கேமராக்களின் 16:9 படத்தில் Wide பக்கவாட்டில் சுமார் 118 டிகிரி, Linear சுமார் 86 டிகிரி. நம் கணக்கில் வந்த 92-ஐவிட அது இன்னும் கொஞ்சம் இறுக்கி வெட்டுகிறது. வசதிதான். ஆனால் அதில் எடுத்தால் வெட்டிய ஓரம் கோப்பிலேயே இருக்காது, பிறகு மனம் மாறினாலும் திரும்பக் கிடைக்காது. என் பழக்கம், Wide-ல் எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து நேராக்குவது. படத்தை எடுத்த உடனே யாருக்காவது அனுப்ப வேண்டும் என்றால் மட்டும் லீனியர்.

வெட்டாமல் சுருக்கினால்?

தொங்கும் மாவை வெட்டுவதற்குப் பதில் முழு மாவையும் சின்னதாக்கி மேசைக்குள் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம். 1588-ல் விழும் விளிம்பை 960-க்குக் கொண்டுவர, படம் முழுவதையும் 60 விழுக்காடாகச் சுருக்க வேண்டும். பக்கவாட்டில் 120 டிகிரியும் திரும்ப வந்துவிடும், கோலும் வந்துவிடும்.

ஆனால் மேலும் கீழும் கறுப்பு வரும். காரணம் எளிது. மேல் விளிம்பின் நடுப்பகுதி அதிகம் இழுபடவில்லை, ஆனால் அதுவும் சேர்ந்து சுருங்கிவிட்டது. அது இப்போது நடுவிலிருந்து 370 பிக்சல் வரைதான் எட்டுகிறது, சட்டமோ 540 வரை இருக்கிறது. நடுவில் 170 பிக்சல் உயரத்துக்குக் கறுப்பு, மூலைகளை நோக்கிப் போகப் போகக் குறைந்து மறைகிறது. மொத்தத்தில் படம் படுக்கவைத்த உடுக்கை மாதிரி, இடையில் ஒட்டி ஓரங்களில் விரிந்து நிற்கும். எடிட்டிங் மென்பொருளில் இந்த வடிவத்தைப் பார்த்ததும் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து மூடிவிடுபவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. வெட்டப்படாத முழுப் படத்தின் உண்மையான வடிவமே அதுதான்.

இந்தக் கறுப்பை நிரப்ப, மேலும் கீழும் கூடுதல் படம் வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது. பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களின் சென்சார் 16:9-ஐவிட உயரமானது. 4:3 என்ற தேர்வில் எடுத்தால் அந்த உயரம் முழுவதும் கிடைக்கும். அதே ஒரு டிகிரிக்கு 16 பிக்சல் கணக்கில் 1920 × 1440 படம் என்றால், மேல் விளிம்பு நடுவிலிருந்து 720 பிக்சல், 45 டிகிரி. சுருக்கிய 16:9 சட்டத்தை நிரப்பத் தேவைப்படுவது 44.25 டிகிரி. பொருந்திவிடுகிறது! 4:3 பழைய தொலைக்காட்சி வடிவம்தானே என்று ஒதுக்குபவர்களுக்கு நான் காட்டும் முதல் கணக்கு இது. மேலும் கீழும் வரும் அந்தக் கூடுதல் பட்டையைக் கடைசியில் யாரும் பார்க்கப்போவதில்லை, அகலத்தைக் காப்பாற்றுவதற்காகவே அதை எடுக்கிறோம்.

திடலுக்கு முழு 120 டிகிரியும் தேவையில்லை. கோல் 56.3-ல் இருக்கிறது, கொஞ்சம் இடம்விட்டு 57.5 வரை வைத்தால் போதும். அதாவது 115 டிகிரி. சுருக்கம் 60 விழுக்காட்டிலிருந்து 67 விழுக்காடாகிறது. இதை எந்த மென்பொருளிலும் ஸ்லைடரை இழுத்துச் செய்யலாம். நான் இலவசமாகக் கிடைக்கும் ffmpeg-இன் v360 என்ற வடிகட்டியில் செய்கிறேன். எத்தனை டிகிரி உள்ளே, எத்தனை டிகிரி வெளியே என்று அதில் எண்ணாகவே சொல்லிவிடலாம்:

```
ffmpeg -i match.mp4 -vf "v360=input=fisheye:output=flat:ih_fov=120:iv_fov=90:h_fov=115:v_fov=82.9:w=1920:h=1080" -c:a copy straight.mp4
```

ih_fov, iv_fov இரண்டும் மூலப் படத்தின் அகல, உயரக் கோணங்கள். h_fov, v_fov இரண்டும் நமக்கு வேண்டிய படத்தின் கோணங்கள். உள்ளே போகும் எண்களைக் கேமரா நிறுவனம் வெளியிடும் அட்டவணையில் பாருங்கள், எந்தத் தேர்வில் எடுத்தீர்களோ அதற்குரியதாக இருக்க வேண்டும். 4:3-க்கு ஒரு எண், 16:9-க்கு வேறு. கேமராவில் அதிர்வு நீக்கம் போட்டிருந்தால் அதுவும் ஒரு பங்கு ஓரத்தைத் தின்றிருக்கும், கோணம் இன்னும் குறைவாக இருக்கும். வெளியே வரும் v_fov-ஐ மனம்போன போக்கில் போட்டால் ஆட்கள் ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டுவிடுவார்கள். 115-இன் பாதியான 57.5-க்கு tan எடுத்து, 9-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்து, மறுபடி கோணமாக்கி இரட்டித்தால் 82.9 வரும்.

இதற்கு விலை உண்டு. நடுவில் ஓடும் பையன்கள் முன்பு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு உயரமாகத் தெரிவார்கள். எனவே முடிவுப் படம் 1080 உயரம் என்றால் மூலத்தை 4K-வில் எடுங்கள், அப்போது நடுவில் சுருங்கினாலும் தெளிவு போகாது. ஓரத்தில் கதையே வேறு. கோல் இருக்கும் இடத்தில் மூலத்தின் ஒரு பிக்சல் பக்கவாட்டில் மூன்றேகால் மடங்கு இழுபடுகிறது, பிறகு 67 விழுக்காடாகச் சுருங்குகிறது. 1920 அகல மூலம் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் நீட்டிய படம்தான் அங்கே கிடைக்கும். கோல் வலையின் கண்ணிகள் மங்கிக் குழம்பி இருப்பதற்கு ஃபோகஸ் காரணமில்லை. அந்த இடத்தில் பதிவான தகவலே அவ்வளவுதான்.

பின்னால் தள்ளி நின்று எடுக்க முடிந்தால் இந்தப் பாடே வேண்டாம். வெட்டிய படம் பக்கத்துக்கு 46.3 டிகிரி காட்டுகிறது. 15 மீட்டர் தள்ளியுள்ள கோல் அதற்குள் வர, கேமரா நடுப்புள்ளியிலிருந்து 14.3 மீட்டரில் இருக்க வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து நாலே கால் மீட்டர் பின்னால். அங்கே போனேன், வேலி முன்னால் வந்துவிட்டது. ஆக்‌ஷன் கேமராவில் கிட்டே உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒன்றுபோலத் துல்லியமாகத் தெரியும் என்பதால், கம்பி வலை ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அப்புறம் எங்கள் புளோக்கின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்துக்கு ஏறினேன்.

நேராகிவிட்டதா என்று எப்படித் தெரியும்

மாடியிலிருந்து எடுத்ததில் வேறொரு குழப்பம் வந்தது. கேமராவைக் கீழே சாய்த்திருந்ததால் விளக்குக் கம்பங்கள் V எழுத்து மாதிரி மேலே விரிந்து கீழே குவிந்தன. இன்னும் வளைவு போகவில்லை போலிருக்கிறது என்று ஸ்லைடரை மேலும் தள்ளினேன். கம்பங்கள் நிமிரவில்லை, பதிலாக வேலி உள்நோக்கிக் குழிய ஆரம்பித்தது. கோடு சாய்வது வேறு, வளைவது வேறு. சாய்வு கேமராவைச் சாய்த்துப் பிடித்ததால் வருவது, சாதாரண லென்ஸிலும் வரும், லென்ஸ் திருத்தத்தால் அது போகாது. ஒரு கடன் அட்டையின் விளிம்பைத் திரையில் கம்பத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து நுனி வரை ஒட்டி நின்றால் அது நேர்கோடு, எவ்வளவு சாய்ந்திருந்தாலும் உங்கள் வேலை முடிந்தது.

சோதிப்பதற்கு மையத்தில் உள்ள கோட்டை எடுக்காதீர்கள் என்பதற்குக் காரணம் முன்பே சொன்னேன். விளிம்புக்குக் கிட்டத்தில், விளிம்போடு ஓடும் நீண்ட கோடு வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வீவக புளோக்கின் பொதுத் தாழ்வாரம் ஒவ்வொன்றும் ஒரு அடிக்கோல். எம்ஆர்டி நடைமேடையின் விளிம்பும் நல்லதுதான். கோட்டின் நடு வெளிப்பக்கம் உப்பியிருந்தால் இன்னும் திருத்த வேண்டும், பீப்பாய் வடிவம் என்பார்கள். நடு மையத்தை நோக்கிக் குழிந்திருந்தால் அளவுக்கு மீறித் திருத்திவிட்டோம், ஒரு படி பின்வாங்குங்கள். நடுப்பகுதி நேராகி இரண்டு நுனி மட்டும் மீசை மாதிரி வளைந்தால், ஒரே ஒரு ஸ்லைடர் உள்ள மென்பொருளால் அதைத் தீர்க்க முடியாது. லென்ஸுக்கென்றே அளந்து வைத்த சுயவிவரம் வேண்டும், அல்லது இரண்டு எண்களைத் தனித்தனியாக ஏற்கும் வடிகட்டி வேண்டும்.

அதிர்வை எடிட்டிங்கில் நீக்குவதாக இருந்தால் அதற்கு முன்பே நேராக்கிவிடுங்கள். முதலில் அதிர்வை நீக்கினால் படச்சட்டம் பிரேமுக்குப் பிரேம் நகர்ந்துவிடும், லென்ஸின் மையம் படத்தின் மையத்தில் இருக்காது. பிறகு நேராக்கினால் திருத்தம் தவறான புள்ளியைச் சுற்றி நடக்கும். புளோக் மூச்சு விடுவது மாதிரி உப்பி உப்பி அடங்கினால் வரிசை தலைகீழாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

நீச்சல் குளத்தில் எடுத்ததற்கு இதே எண்களைப் போடக் கூடாது. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் தண்ணீருக்குள் போனால் ஒளிவிலகலால் 120 டிகிரி ஏறக்குறைய 81 ஆகிவிடும், வளைவில் பெரும்பகுதியைத் தண்ணீரே எடுத்துவிடும். தரையில் சரியாக இருந்த அதே திருத்தம் அங்கே குளத்தின் ஓடுகளை உள்நோக்கிக் குழிய வைக்கும்.

சரி, திடலுக்கு வருவோம். அடுத்த ஞாயிறு மழை வந்து கெடுத்தது. அதற்கடுத்த வாரம் பழையபடி வேலியில் மாட்டி, 4:3-ல் எடுத்து, மேலே உள்ள கட்டளையை ஓட்டினேன். இரண்டு கோலும் வந்தன, புளோக் நேராக நின்றது. மருமகன் உட்கார்ந்து பார்த்தான். இரண்டாவது நிமிடத்தில் அடுத்த கேள்வி.

"கோல் கீப்பர் ஏன் மாமா இவ்ளோ குண்டா இருக்கான்? அவன் ஒல்லி."

அவன் சொன்னது சரிதான். ஜன்னல் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் உள்ளதைக் கண்ணாடி சரிவாக வெட்டுகிறது, சரிவாக வெட்டிய வாழைக்காய் சீவல் நீளமாக இருப்பது மாதிரி. 56 டிகிரியில் உருண்டையான பந்தே உயரத்தைப் போல 1.8 மடங்கு அகலமாகி முட்டை வடிவில் விழும், ஆளும் அப்படித்தான். இது பிழை அல்ல. எல்லாக் கோடும் நேராக இருக்க வேண்டும் என்று கேட்டால் ஓரத்தில் உருவம் அகலமாகத்தான் செய்யும். உருவம் கெடக் கூடாது என்றால் கோடு கொஞ்சம் வளைய வேண்டும். ஒரே தட்டையான படத்தில் இரண்டும் கிடைக்காது.

நடுவழி ஒன்று உண்டு. கட்டளையில் flat என்பதை sg என்று மாற்றினேன். அது உருவத்தைக் காப்பாற்றி, கோட்டை லேசாக வளையவிடும் முறை:

```
ffmpeg -i match.mp4 -vf "v360=input=fisheye:output=sg:ih_fov=120:iv_fov=90:h_fov=117.5:v_fov=70.3:w=1920:h=1080" -c:a copy soft.mp4
```

கோல்கள் உள்ளேயே இருந்தன. நடுவில் ஆடுபவர்கள் 67-க்குப் பதில் 93 விழுக்காடு அளவில் இருந்தார்கள், ஓரம் அவ்வளவாக மங்கவில்லை. புளோக் மட்டும் கொஞ்சம் முதுகு வளைத்து நின்றது. கீப்பரின் அம்மாவுக்கு அனுப்பியது இந்தக் காணொளியைத்தான்.